288 பக்கம், 55,000 ரூபாய்: வன்னியில் ஒரு ஒலிநூல் பதிவு

சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பெயரும் ஊரும் வேண்டாம், கணக்கை மட்டும் மறைக்காமல் போடுங்கோ அண்ணா, என்னைப் போல வீட்டிலிருந்து குரல் கொடுக்க நினைக்கிற ஆட்களுக்கு அதுதான் தேவை. ஆகவே கணக்கு முழுவதையும் போட்டிருக்கிறேன். நான் கிளிநொச்சியில் ஒலிப்பதிவும் எடிற்றிங்கும் செய்பவன். இதில் என் பிழையும் இருக்கிறது, அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## பின்னணி

அவர் முன்பள்ளி ஆசிரியை, வயது முப்பதைத் தாண்டியவர். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி வீடு. கணவர் வயல் செய்கிறார், இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடக் காலத்தில் பேச்சுப் போட்டி, பிறகு கோயில் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் அறிவிப்பு என்று மைக் பிடித்துப் பழக்கம். வீட்டுக்குச் சீமெந்துச் சுவர், மேலே தகரம். நான்கு அறை. அதில் பின்னறை ஒன்று, ஒரே யன்னலோடு, நெல் மூட்டை அடுக்கி வைப்பதற்கு.

2023 ஆடி மாதம் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றுக்கு 30 செக்கன் வானொலி விளம்பரம் ஒன்றுக்குக் குரல் தேவைப்பட்டது. நான்தான் இவரைச் சொன்னேன். மாதிரி கேட்டார்கள், கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பினார். திரும்பி வந்த பதில் எனக்கே புதிதாக இருந்தது: குரல் நல்லம், ஆனால் இந்தியத் தொலைக்காட்சி மாதிரி வாசிக்கிறா, எங்கட ஆக்களுக்குத்தான் விளம்பரம். திரும்பப் போட்டுக் கேட்டபோது விளங்கியது. 'வெற்றி' என்பதை 'வெட்ரி' என்றும், 'காற்று' என்பதைக் 'காட்ரு' என்றும் வாசித்திருந்தார். வீட்டில் கதைக்கும்போது அவர் அப்படிச் சொல்வதே இல்லை. நாங்கள் ற்ற வரும் இடத்தில் ரகர அதிர்வு இல்லாமல், நாக்கு நுனியைப் பல்லுக்கு மேலே முரசில் அழுத்தி எடுப்போம். மைக் முன்னால் வந்ததும் தொலைக்காட்சியில் கேட்ட ஒலி தானாக வந்துவிட்டது. இரண்டாவது மாதிரியைத் தன் ஒலியிலேயே வாசித்தார், எடுத்துக்கொண்டார்கள். 57 சொல், 4,000 ரூபாய். அந்தக் காசோடு சேமிப்பையும் போட்டு ஒரு யூஎஸ்பி கொண்டென்சர் மைக் வாங்கினார். லப்டொப் ஏற்கெனவே இருந்தது.

## ஒலிநூல் வந்த விதம்

ஆவணி கடைசியில் புலம்பெயர் பதிப்பகம் ஒன்று ஈழத்து நாவலொன்றை ஒலிநூலாகச் செய்யக் குரல் தேடியது. கதைசொல்லல் எழுத்துத் தமிழில், உரையாடல் முழுக்க வன்னிப் பேச்சில். ஐந்து நிமிட மாதிரி கேட்டார்கள். இவர் பின்னறையில் பதிந்தார். சிறுபோக வெட்டு முடிந்து இருபதுக்கு மேற்பட்ட நெல் மூட்டை சுவரோரம் அடுக்கியிருந்த நேரம் அது. மைக்கைக் கட்டிலில் வைத்து, ஒரு சாண் தள்ளி வாயை வைத்து வாசித்தார். அந்த மாதிரியை இப்போதும் வைத்திருக்கிறேன், அருமையான பதிவு: எதிரொலி இல்லை, இரைச்சல் இல்லை. ஒரே குறை, ப வரும் சொற்களில் மூச்சுக்காற்று மைக்கில் மோதிப் 'பொம்' என்று இடித்தது.

பதிப்பகத்தவர் தெரிவு செய்துவிட்டார். இரண்டு விடயம் மட்டும் சொன்னார். ஒன்று, அந்த இடிப்பைச் சரிசெய்யவேண்டும். மற்றது, அறிவிப்புக் குரல் கொஞ்சம் தெரிகிறது தங்கச்சி, விளம்பரக் குரலைப் பத்துப் பதினொரு மணித்தியாலம் ஒருவராலும் கேட்க ஏலாது, பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்வது போல வாசியுங்கோ.

பிறகு கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் மையம். முழு நூலுக்கும் எவ்வளவு எடுப்பீங்கள்?

## விலை சொன்ன அன்று போட்ட கணக்கு

நூல் 288 பக்கம். முதல் பக்கத்தை மணிக்கூடு வைத்து வாசித்தார், ஒன்றரை நிமிடம். 288 தரம் ஒன்றரை, 432 நிமிடம், அதாவது ஏழு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். பிழை திருத்த, வெட்டி ஒட்ட இன்னும் அவ்வளவு என்று வைத்தால் மொத்தம் பதினைந்து மணித்தியாலம். 55,000 ரூபாய் கேட்கலாமோ என்று என்னிடம் கேட்டார். மணித்தியாலத்துக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் வருகிறதே, தாராளம், கேள் என்றேன். முழுத் திட்டத்துக்கும் ஒரே தொகை 55,000, கார்த்திகை முடியமுன் ஒப்படைப்பது, காசு கடைசியில். வட்ஸ்அப்பில் நாலு வரியில் ஒப்பந்தம் முடிந்தது.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருந்தது. முதல் பக்கம் அத்தியாயத் தலைப்போடு தொடங்குகிற பக்கம், மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் தாள். பிறகு எண்ணிப் பார்த்தோம், அதில் கிட்டத்தட்ட 140 சொல்தான். நூலின் சராசரிப் பக்கத்தில் 215 சொல். இரண்டாவது, பதிந்து முடித்த ஒரு மணித்தியால ஒலிக்குப் பின்னால் எத்தனை மணித்தியால வேலை இருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை. எடிற்றிங் எனக்குத் தொழில், எனக்கு அது தெரிந்திருக்கவேண்டிய விடயம். என் வேலை எல்லாம் கல்யாண வீட்டு ஒளிப்பதிவு, கோயில் இசைத்தட்டு என்று இருந்ததால் நீண்ட வாசிப்பின் பாரம் அன்று என் மண்டையில் ஏறவில்லை.

## முதல் நான்கு அத்தியாயம்

புரட்டாதி நடுவில் பதிவு தொடங்கியது. ப இடிப்பைத் தவிர்க்க அவர் செய்தது, மைக்கை விட்டுப் பின்னால் போனது. ஒரு சாண் இருந்த இடைவெளி இரண்டடியாகியது. இடிப்பு நின்றுவிட்டது. அதே கிழமை நெல் மூட்டைகளையும் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவர் ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் ஒரு துண்டை வட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் கடையில் இருந்தபடி தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சரி என்பேன். இது என் இரண்டாவது பிழை. வட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பினால் அது சுருங்கி நெரிந்து வரலாம், அதை நம்பி இரைச்சலை மதிப்பிட முடியாது. மூலப் பைலை டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லி, ஹெட்போன் போட்டுக் கேட்டிருக்கவேண்டும்.

நான்கு அத்தியாயத்தையும் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. மாதிரியில் கேட்ட அறை இதில்லையே, பின்னால் இரைச்சல் எங்கள் அளவுக்கு மேலே நிற்கிறது, திரும்பப் பதியவேண்டும். அவர்கள் கேட்டது மூன்று அளவு: குரலின் சராசரி மட்டம் -23 இலிருந்து -18 டெசிபலுக்குள், உச்சம் -3 ஐத் தாண்டக்கூடாது, யாரும் பேசாத இடத்தில் அறை இரைச்சல் -60 க்குக் கீழே. ஓடிபிள் என்ற ஒலிநூல் விற்பனைத் தளத்துக்கு நூல் ஏற்றும் ஏசிஎக்ஸ் என்ற சேவை கேட்பதும் இதே அளவுகள்தான், பல பதிப்பகங்கள் அதையே எடுத்துக்கொள்கின்றன.

அவர் பதிந்தது ஒடாசிற்றி என்ற மென்பொருளில். அவருக்கு இது விளங்கவில்லை, கோபமும் வந்தது. அண்ணா, நான் ஒடாசிற்றியில அளந்து பார்த்தனான், -58 காட்டுது, இரண்டு டெசிபலுக்கு இவ்வளவு கதையோ என்றார். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன்.

## அறையில் கண்டது

நடந்தது இதுதான். இரண்டடி தள்ளி இருந்து வாசித்ததால் குரல் மெல்லிசாகப் பதிந்திருந்தது, சராசரி -32. அதை -20 க்குக் கொண்டுவர 12 டெசிபல் தூக்கவேண்டும். குரலைத் தூக்கும்போது பின்னால் இருக்கிற இரைச்சலும் கூடவே 12 எழும்பும். -58 ஆக இருந்தது -46 ஆகிவிடும். அவர் அளந்தது தூக்குவதற்கு முந்திய இரைச்சலை. பதிப்பகம் அளந்தது தூக்கிய பிறகு. ஆகவே குறை இரண்டு டெசிபல் இல்லை, 14. இரைச்சலை எப்போதும் குரலை உரிய மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளக்கவேண்டும். வீட்டில் பதிகிற ஆட்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது.

திரும்ப நெருங்கினால் என்ன நடக்கும்? மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். இரண்டடி ஓரடியாக 6, ஓரடி அரையடியாக இன்னொரு 6. மொத்தம் 12. அறை இரைச்சலோ எவ்வளவு நெருங்கினாலும் அப்படியே நிற்கும். அதாவது ஒரு சதமும் செலவில்லாமல், கதிரையை முன்னால் இழுத்தாலே 14 இல் 12 போய்விடும். எதிரொலியும் அப்படித்தான், நெருங்க நெருங்கக் குரலுக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

பிறகு மிஞ்சுவது ப இடிப்பு. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு 'பப்பாசிப்பழம்' என்று சொல்லச் சொன்னேன். காற்று கையில் படும். கையைக் கடைவாய்ப் பக்கம் மூன்று விரல் நகர்த்தி மறுபடி சொல்லச் சொன்னேன், படவில்லை. மைக்கையும் அப்படியே பக்கவாட்டில் வைத்து, வாயைப் பார்த்துத் திருப்பி, அவரை நேரே சுவரைப் பார்த்து வாசிக்க வைத்தோம். காற்று மைக்கைத் தாண்டிப் போகும், ஒலி மைக்குக்கு வந்து சேரும். பூவேலை செய்கிற மரச் சட்டமொன்றில் நைலோன் காலுறையை இழுத்துக் கட்டி நடுவில் நிறுத்தினோம். இடிப்பு முற்றாக நின்றது. முதலே இதைச் செய்திருந்தால் பின்னால் போயிருக்கத் தேவையில்லை.

மூட்டை போன அறையில் கை தட்டினால் 'டிங்' என்று சுவர் திருப்பி அடித்தது. நெல் மூட்டை நல்ல ஒலி உறிஞ்சி, தானிய மணிகளுக்கிடையில் காற்று இருக்கிறதுதானே. அதற்குப் பதிலாகப் பஞ்சு மெத்தையொன்றை வாசிப்பவரின் முதுகுப் பக்கம் நிமிர்த்தி வைத்தோம், முன்சுவரில் இரண்டு தடித்த போர்வை. முட்டை மட்டை ஒட்டுவோமா என்று கணவர் கேட்டார், வேண்டாம் என்றேன். அது மெல்லிய மட்டை, உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது.

குளிர்சாதனப் பெட்டி பக்கத்து அறையில் இரைந்துகொண்டிருந்தது. பதிவு நேரம் அதை நிற்பாட்ட முடிவு. அதன் கதவில் தொலைபேசியைச் செருகி வைப்பார், பதிவு முடிந்து தொலைபேசியைத் தேடும்போது பெட்டியைத் திரும்பப் போட ஞாபகம் வரும். லப்டொப்பின் சார்ஜர் பூட்டியிருந்தால் 'ம்ம்' என்று ஒரு தாழ்ந்த இரைச்சல் வந்தது, கழற்றினால் இல்லை, ஆகவே பற்றரியில் பதிவு. இவ்வளவும் செய்து, குரலை -20 இல் நிறுத்தி அளந்தபோது இரைச்சல் -62. அளவுக்குள் வந்துவிட்டது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளால் பழைய நான்கு அத்தியாயங்களைக் காப்பாற்றலாமா என்றும் பார்த்தோம். 14 டெசிபலை அதால் எடுத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து கதைப்பது போல ஆகிறது, ச வும் ஸ வும் கரைந்துவிடுகின்றன. அறை எதிரொலியை அது தொடுவதே இல்லை. நான்கையும் திரும்பப் பதிவதென்று முடிவெடுத்தோம். சொந்தப் பிழை, மேலதிகக் காசு கேட்க முடியாது.

## மழை, தவளை, திருவெம்பாவை

ஐப்பசியில் மழை பிடித்தது. தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பதிவு என்ற கதைக்கே இடமில்லை. மழை விட்ட இரவில் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பள்ளத்தில் தவளை தொடங்கிவிடும், விடியும்வரை ஓயாது. வெயில் நாளிலும் தகரத்துக்கு ஒரு குணம் இருக்கிறது: காலை எட்டரை, ஒன்பது மணிக்குச் சூடேறி விரியும்போது 'டக்... டக்' என்று வெடிக்கும், பின்னேரம் ஆறுக்குப் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மறுபடி. நடுவில் ரயில் கோன், உழவு இயந்திரம், மயில்.

அவர் ஒரு கிழமை கொப்பியில் நேரத்தை எழுதி வைத்துப் பார்த்தார். பதியக்கூடிய நேரம் விடிய நாலரையிலிருந்து ஆறரை வரை, பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் முன்பள்ளி இல்லாத நாட்களில் ஒரு மணித்தியாலம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், மழை இல்லையென்றால். விடியப்புறக் குரல் கொஞ்சம் தடித்து இருக்கும், ஆகவே எழும்பி அரை மணித்தியாலம் கழித்து, சுடுதண்ணீர் குடித்து, அன்றைய பக்கங்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்த பிறகே பதிவு. ஒவ்வொரு நாளும் தொடங்கமுன் முதலாம் அத்தியாயத்தில் ஒரு நிமிடத்தைப் போட்டுக் கேட்பார். இல்லையென்றால் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறொரு பெண் வாசிப்பது போல வந்துவிடுகிறது, அறிவிப்புக் குரல் அவரை அறியாமலே திரும்பத் திரும்ப ஏறியது.

கார்த்திகைத் தவணை தவறியது. அதை அவர் தவணைக்கு இரண்டு கிழமை முந்தியே, மழைநாட்களை எழுதிய கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிச் சொன்னார், பதிப்பகம் ஒத்துக்கொண்டது. மார்கழியில் இன்னொன்று வந்தது. திருவெம்பாவை தொடங்கியதும் கோயில் ஒலிபெருக்கி விடிய நாலு மணிக்கே பாடும். அந்தப் பத்து நாளும் விடியற்காலைப் பதிவு நின்றது. இதை ஒரு தடங்கலாகச் சொல்ல அவருக்கு மனமில்லை, வருடா வருடம் வருவதுதானே, கலண்டரைப் பார்த்துத் தவணை சொல்லியிருக்கவேண்டியது நான் என்றார்.

வேலை முறையில் ஒரு மாற்றம் பெரிய உதவி செய்தது. முதலில் பிழை விட்டால் நிற்காமல் அந்த வசனத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, பிறகு எடிற்றிங்கில் தேடி வெட்டுவார். எட்டாம் அத்தியாயத்திலிருந்து ஒடாசிற்றியில் `Punch and Roll Record` பாவிக்கத் தொடங்கினார். பிழை விட்ட இடத்துக்குச் சற்று முன்னால் சொடுக்கி `Shift+D` அழுத்தினால், முந்திய ஐந்து செக்கன் காதில் ஒலித்து, அந்தப் புள்ளியிலிருந்து புதிதாகப் பதியும். அந்த ஐந்து செக்கனைக் கேட்டே அதே சுருதியில் தொடரலாம், பதிவு முடியும்போது பெரும்பாலான வெட்டும் முடிந்திருக்கும். ஹெட்போன் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பழைய ஒலி மைக்குக்குள் திரும்ப விழும்.

## முடிவில் வந்த கணக்கு

தை முதற்கிழமை முழு நூலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முடிந்த ஒலி 10 மணித்தியாலம் 50 நிமிடம். கொப்பியில் எழுதி வைத்த வேலை நேரம் இது: பதிவு 34 மணித்தியாலம், நான்கு அத்தியாயம் திரும்பப் பதிந்தது 11, எடிற்றிங் 38, நூலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் கேட்டது 13, விட்ட சொற்களையும் பிழையான உச்சரிப்புகளையும் திருத்திப் பதிந்தது 8. மொத்தம் 104. பதினைந்து என்று போட்ட கணக்கு.

55,000 ஐ 104 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 529 ரூபாய். அதுவும் விடிய நாலு மணிக்கு எழும்பி. காசு சொன்னபடி முழுதாக வந்தது, பதிப்பகத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டு அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

## விலையைத் திருப்பிப் போட்டது

பக்கத்தை விட்டுவிட்டோம். எழுத்தின் அளவு, ஓரம், தலைப்பு எல்லாம் மாறும்போது பக்கத்துக்கு அர்த்தமில்லை. அவரையே நாவலின் நடுவிலிருந்து பத்து நிமிடம் அமைதியாக வாசிக்க வைத்து எண்ணினோம். 960 சொல், நிமிடத்துக்கு 96. ஆங்கில ஒலிநூல்காரர் சொல்கிற வேகம் இதைவிட மிக அதிகம், தமிழில் விகுதி எல்லாம் சொல்லோடு ஒட்டி நீளுவதால் அந்த எண்ணை இங்கே எடுக்கக்கூடாது. ஆளுக்கு ஆளும் மாறும். நாவலின் 62,000 சொல்லை 96 ஆல் பிரித்தால் 646 நிமிடம், முடிந்த நேரத்துக்கு நாலைந்து நிமிடம் மட்டும் குறைவு. இந்தக் கணக்கைப் புரட்டாதியிலேயே போட்டிருக்கலாம், பத்து நிமிட வேலை.

அடுத்தது, முடிந்த ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை மணித்தியால வேலை. திரும்பப் பதிந்ததைக் கழித்தாலும் முதல் நூலில் எட்டரைக்கு மேல். கடைசி அத்தியாயங்களை மட்டும் எடுத்தால் ஐந்தரை அளவில் நின்றது. தன் நேரத்துக்குக் குறைந்தது 1,200 ரூபாய் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அப்படிப் பார்த்தால் 6,600 வருகிறது, மின்சாரமும் மைக் தேய்மானமும் சேர்த்து முடிந்த மணித்தியாலத்துக்கு 7,000.

இதை வெளியில் சொல்வது ஒரே தொகையாகத்தான். பதிப்பகங்களுக்கு நூலுக்கு இவ்வளவு என்றால்தான் வசதி, வேலை இழுபட்டால் தொகை ஏறுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருக்கும். பங்குனியில் அதே பதிப்பகம் 41,000 சொல்லுள்ள சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தபோது, 427 நிமிடம், ஏழு மணித்தியாலம் கொஞ்சம், 50,000 ரூபாய் என்று சொன்னார். பதிப்பகத்தவர் யோசித்தார்: போன நூல் பெரிசு, 55 தானே எடுத்தீங்கள் தங்கச்சி? இவர் கொப்பிப் பக்கத்தை அனுப்பினார், 104 மணித்தியாலமும் பிரித்து எழுதினபடியே. போன முறை எனக்குக் கணக்குத் தெரியாது சேர், இந்த முறை தெரியும் என்று ஒரு வரி. இரண்டு நாள் கழித்துச் சரி என்று பதில் வந்தது.

நிபந்தனையும் மாறியது. முதல் 15 நிமிடத்தைப் பதிந்து அனுப்பி, அறை, வேகம், குரல் மூன்றையும் ஒத்துக்கொண்ட பிறகே மிச்சம், அப்போதே மூன்றில் ஒரு பங்குக் காசு. பாதியில் ஒரு பங்கு, முடிவில் ஒரு பங்கு. தான் பிழையாக வாசித்ததைத் திருத்துவது இலவசம், பதிப்பகம் பிரதியை மாற்றினால் தனிக் கட்டணம். ஊர்ப்பெயர், ஆள்பெயர் உச்சரிப்புப் பட்டியலைத் தொடங்கமுன் பதிப்பகம் தரவேண்டும்.

அந்தத் தொகுப்பு சித்திரை, வைகாசியில் முடிந்தது. 7 மணித்தியாலம் 20 நிமிடம் ஒலி, 37 மணித்தியால வேலை, மணித்தியாலத்துக்கு 1,350 ரூபாய் அளவில். ஒரு கதையும் திரும்பி வரவில்லை.

## விளம்பரத்தில் நடந்தது

மாசியில் அவரின் பிள்ளை ஓடிவந்து, அம்மா, உங்கட சத்தம் ஓட்டோவில போகுது என்றான். ஆடியில் வானொலிக்கென்று பதிந்த அதே 30 செக்கன், இப்போது முச்சக்கர வண்டியின் ஒலிபெருக்கியில் ஊர் ஊராகப் போகிறது, முகநூல் காணொளியிலும் வந்திருக்கிறது. ஸ்ரூடியோவைக் கேட்டால், வானொலிக்கு மட்டும் என்று நீங்கள் எங்கே சொன்னீங்கள் என்றார்கள். உண்மை, எழுத்தில் ஒன்றும் இல்லை. 4,000 ரூபாய்க்கு எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் குரல் போய்விட்டது.

ஒலிநூலுக்கு நேரம்தான் விலை. விளம்பரத்துக்கு அப்படி இல்லை, 57 சொல் பதிய அரை மணித்தியாலம் போதும். அங்கே விலை, எங்கே, எவ்வளவு காலம் ஒலிக்கும் என்பதற்கு. இப்போது விளம்பரம் கேட்டால் அவர் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குகிறார்: எந்த ஊடகம், எத்தனை மாதம், 30 செக்கனிலிருந்து 15 செக்கன் வெட்டி வேறாகப் பாவிப்பார்களா. வானொலிக்கு மூன்று மாதம் 6,000, சமூக ஊடகம் சேர்ந்தால் இன்னொரு 4,000, காலம் முடிந்து தொடர்ந்தால் முதல் தொகையில் பாதி. மாதிரி கேட்கும்போது முழு விளம்பரத்தையும் வாசித்து அனுப்புவதில்லை, முதல் இரண்டு வசனம் மட்டும், அல்லது வியாபாரப் பெயரை விட்டுவிட்டு. இந்த விலைக்குச் சிலர் வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். ஆடியிலிருந்து பார்த்தால் விளம்பர வேலை எண்ணிக்கையில் குறைவு, அதை அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

## திரும்பச் செய்தால் மாற்றுவது

விலை சொல்லமுன் சொல் எண்ணுவது, அரை மணித்தியாலப் பதிவொன்றை முழுதாக முடித்து நேரம் அளப்பது, இரண்டையும் முதல் நாளே செய்வோம். நான் அறையை நேரில் பார்க்காமல் ஒரு பதிவுக்கும் சரி சொல்வதில்லை இப்போது. ஐப்பசியிலிருந்து தை வரை தவணையை இரட்டிப்பாகச் சொல்வது என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

மாதிரி விடயத்தில் அவர் எடுத்த முடிவு வேறு மாதிரி. பதினொரு மணித்தியாலமும் திரும்பத் திரும்ப உருவாக்கக்கூடிய ஒலியைத்தான் மாதிரியாக அனுப்பவேண்டும் என்கிறார். அந்த முதல் மாதிரி போல நல்ல அறை அவருக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை, ஆனால் அதைக் கேட்டுத்தான் பதிப்பகம் அவரைத் தெரிவு செய்தது.

இந்தப் பெரும்போக நெல் வந்தபோது கணவர் மூட்டைகளை வழமைபோலப் பின்னறைக்குள் அடுக்கப் போனார், சத்தம் நல்லா இருக்கும்தானே என்று. இவர் மறித்து முன் விறாந்தையில் அடுக்கச் சொன்னார். விற்றுப்போகிற சாமானை நம்பிப் பதிய ஏலாது என்று சொல்லிவிட்டு, மெத்தையை நிமிர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.